இருபதாவது முறை படிக்கும் புத்தகத்தை எப்படி ரசிப்பது?

குழந்தைக்குத் தினமும் கதை படிக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் பெற்றோர் முதலில் செய்வது, போனில் இரவு எட்டரைக்கு ஓர் அலாரம் வைப்பது. அதன் பெயர் பெரும்பாலும் ‘கதை நேரம்’ என்றிருக்கும். ஒரு வாரம் அது வேலை செய்யும். பிறகு அலாரம் அடித்ததும் பார்க்காமலேயே விரல் அதை அணைத்துவிடும். சோம்பல் மட்டும் இதற்குக் காரணமில்லை. அந்த நினைவூட்டல் ஒரு கடமையைச் சொல்கிறதே தவிர, அங்கே என்ன காத்திருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அதே அலாரத்துக்கு ‘நிலா புத்தகம், எலி எங்கே?’ என்று பெயர் வைத்துப் பாருங்கள். எந்தப் புத்தகம், அதில் குழந்தைக்குப் பிடித்த இடம் எது என்ற இரண்டு விவரங்களே அந்த வரியில் உள்ளன. இந்த இரண்டும் சேர்ந்தால் நினைவூட்டல் ஒரு வாசிப்புக் குறிப்பாக மாறுகிறது என்பதும், அலுத்துப்போன புத்தகத்தை ரசிக்கப் பெரியவருக்கு அதுவே வழிகாட்டுகிறது என்பதும் என் வாதம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் சிறு குழந்தைகளின் பெற்றோருக்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்த ஆய்வுகள் இதற்கு ஓரளவு துணை நிற்கின்றன. அங்கே எல்லோருக்கும் ஒரே மாதிரி போன செய்தியைவிட, அந்தந்தக் குழந்தையின் நிலைக்கேற்ப அமைத்த செய்தி நல்ல பலன் தந்தது. தன் பிள்ளையைப் பற்றிய செய்தி என்றால் யாரும் நின்று படிப்பார்கள்.

ஏன் குழந்தைக்குப் பிடித்த இடத்தைக் குறிக்க வேண்டும், நமக்குப் பிடித்ததைக் குறித்தால் போதாதா? படப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் இருவரும் ஒரே புத்தகத்தைப் படிப்பதில்லை என்பதுதான் இதற்குப் பதில். பெரியவர் வாசிக்கும்போது பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகளின் கண் எங்கே போகிறது என்று கனடாவில் மேரி ஆன் எவான்ஸும் ஜான் செயின்ட்-ஆபினும் கருவி வைத்து அளந்து 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். எழுத்தின் பக்கம் கண் திரும்பியது மிக அரிது; நேரமெல்லாம் படத்தில்தான் போனது. நாம் வரிகளை வாசிக்கிறோம், குழந்தை படத்தை வாசிக்கிறது. வரிகள் நமக்கு மூன்றாம் நாளே மனப்பாடம் ஆகிவிடுவதால் அலுப்பு வருகிறது. படத்தில் குழந்தைக்கு இன்னும் வேலை மிச்சமிருக்கிறது. அதனால்தான் அது ‘மறுபடியும்’ என்கிறது. குழந்தை விரல் வைக்கும் இடத்தைக் குறித்துக்கொள்வது, நாம் படிக்காமல் விட்ட அந்த இன்னொரு புத்தகத்தின் பக்க எண்ணைக் குறித்துக்கொள்வதாகும்.

மார்கரெட் வைஸ் பிரவுன் எழுதி, கிளமென்ட் ஹர்ட் படம் வரைந்து 1947-இல் வந்த ‘குட்நைட் மூன்’ நூலில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். ஒரு முயல்குட்டி படுக்கையில் இருக்கிறது. அறையிலுள்ள பல பொருள்களின் பெயர் சொல்லப்படுகிறது. பிறகு ஒவ்வொன்றாக இரவு வணக்கம். கதை என்று பார்த்தால் அவ்வளவுதான், மொத்தம் சுமார் 130 சொற்கள். நியூயார்க் பொது நூலகம் 1972 வரை இதை வாங்கி வைக்கவில்லை. வரிகளை மட்டும் பார்த்தால் அந்தத் தயக்கம் புரியாததல்ல. ஆனால் பிரவுன் எழுதப் பழகிய இடம் வேறு. நியூயார்க்கில் லூசி ஸ்ப்ரேக் மிட்செல் நடத்திய கல்விச் சோதனை நிலையத்தில், சிறு பிள்ளைகள் பேசுவதைக் கவனித்து எழுதிவைப்பதும், கதையை அவர்களிடம் படித்துக்காட்டித் திருத்துவதும் வழக்கம். குழந்தைக்குப் பிடித்த இடத்தைக் குறித்து வைக்கும் பழக்கத்திலிருந்து வந்த எழுத்து என்றே இதைச் சொல்லலாம். அதை ரசிக்கவும் அதே பழக்கம் உதவுவதில் வியப்பில்லை.

மூன்று வயதுக் குழந்தை ஒன்றை வைத்து நினைத்துப் பார்ப்போம். முதல் இரவு குறிப்பில் ‘எலி’ என்று மட்டும் இருக்கிறது. எழுத்தில் எலிக்குக் கிடைப்பது ஓரிரு சொல்தான். பெரியவர் அதைத் தாண்டிப் போயிருப்பார். மறுநாள் அலாரம் ‘எலி’ என்று சொல்லும்போது, அவரும் எலியைத் தேடிப் பார்க்கிறார். அறை முழுதும் தெரியும் ஒவ்வொரு வண்ணப் பக்கத்திலும் அது இருக்கிறது, ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில். கடைசியில் ஜன்னல் விளிம்பில் ஏறி வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கத்தில் எலியைத் தேடினால் கண் அந்த அறை முழுவதையும் சுற்றிவர வேண்டியிருக்கிறது. அப்படிச் சுற்றும்போதுதான் மற்றவை தட்டுப்படுகின்றன. ஜன்னலில் நிலா பக்கத்துக்குப் பக்கம் மேலே ஏறுகிறது. அறையின் விளக்கொளி மெல்ல மங்குகிறது. அங்குள்ள கடிகாரங்கள் ஏழு மணியில் தொடங்கி, அறை வரும் ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் நகர்ந்து, 8.10-இல் நிற்கின்றன. கம்பளி நூலோடு விளையாடிய பூனைக்குட்டிகள் முடிவில் பாட்டி முயல் எழுந்துபோன நாற்காலியில் சுருண்டு கிடக்கின்றன. ஒன்றுமே நடக்காத கதை என்று நினைத்திருந்த இடத்தில், ஒரு குழந்தை தூக்கத்துக்குப் போக எடுத்துக்கொள்ளும் ஒரு மணி நேரத்துக்கும் சற்று மேலான பொழுது படத்தில் நடந்து முடிந்திருக்கிறது. குழந்தை சுட்டிய ஒரு சிறு எலிதான் இதற்கு வாசல். புத்தகம் ஆங்கிலத்தில் இருப்பதும் தடையில்லை. இத்தனையும் படத்தில் இருப்பதால் தமிழிலேயே பேசிக்கொண்டு பார்க்கலாம்.

குறிப்பை எடுக்கும் முறையில் ஒரு கவனம் வேண்டும். ‘உனக்கு எது பிடித்தது?’ என்று கேட்டு வாங்கும் பதில் பெரும்பாலும் நம்பத்தக்கதல்ல. சின்னக் குழந்தை கடைசிப் பக்கத்தைச் சொல்லும், அல்லது நேற்று நாம் பாராட்டிய பதிலையே திரும்பச் சொல்லும். அது புத்தகத்தைப் பார்க்காமல் நம் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னால், கேள்வி பரீட்சையாகிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். பிடித்த இடத்தைக் கண்டுபிடிக்கக் குழந்தையின் கையைக் கவனித்தாலே போதும். பக்கத்தைத் திருப்ப விடாமல் உள்ளங்கையை அதன்மேல் வைக்கும். திருப்பிய பக்கத்தை மறுபடி பின்னால் தள்ளும். அந்த இடம் வருவதற்கு முன்பே சிரிக்கும். நாம் சொல்வதற்குள் அடுத்த சொல்லைத் தானே சொல்லும். சில சமயம் கண்ணை மூடிக்கொள்ளும். பயந்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வருவதும் ஒருவகைப் பிடித்தம்தான். விளக்கை அணைத்த பிறகு ஒரே வரியில் எழுதினால் போதும்: புத்தகத்தின் பெயர், இடம், குழந்தை சொன்ன சொல் அப்படியே. ‘எலி நிலா பாக்குது’ என்று குழந்தை சொன்னால் அதைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். அந்த வரிதான் நாளைய அலாரத்தின் பெயர். படுக்கையறைக்குள் போன் வருவது பிடிக்காதவர்கள் அட்டையின் உட்புறம் ஒரு தாளை ஒட்டிப் பென்சிலால் எழுதலாம். போனை அடுக்களையிலேயே விட்டுவிட்டு வரலாம். அலாரமும் படுக்கும் நேரத்தில் அடிப்பதைவிட, பல் துலக்கும் நேரத்தில் அடிப்பது நல்லது. படுத்த பிறகு நினைவூட்டினால் அன்றைய வாசிப்பு அவசரமாகிவிடும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு, ஒரே புத்தகத்தை இத்தனை முறை படிப்பதைவிடப் புதிது புதிதாகப் படித்தால் குழந்தை அதிகம் கற்காதா என்பது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினர் இதையே சோதித்து 2011-இல் எழுதினார்கள். மூன்று வயதுக் குழந்தைகளில் ஒரு பிரிவினர் ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மற்றவர்கள் வெவ்வேறு கதைகளைக் கேட்டார்கள். புதிய சொற்கள் இரு பிரிவினரின் காதிலும் ஒரே அளவில்தான் விழுந்தன. சொற்களை நன்றாகப் பிடித்துக்கொண்டவர்கள் ஒரே கதையைக் கேட்டவர்களே. கதை தெரிந்துவிட்டபின் கவனம் நுணுக்கங்களுக்குப் போகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். நம் குறிப்பு செய்ய விரும்புவதும் அதுதான்: திரும்பப் படிக்கும்போது பார்வையை இன்னொரு நுணுக்கத்துக்கு நகர்த்துவது.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. பாட்டிகள் அலாரமும் குறிப்பேடும் வைத்தா கதை சொன்னார்கள், இப்படி எழுதிவைத்தால் இயல்பான ஒன்று அலுவலக வேலை போல ஆகிவிடாதா? பாட்டிகளிடம் எழுதாத குறிப்பு இருந்தது. எந்தப் பேரனுக்கு எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்பது அவர்களுக்கு நினைவிருந்தது, ஏனென்றால் பகல் முழுதும் அவனோடு இருந்தார்கள். வேலை முடிந்து எட்டு மணிக்கு வீடு திரும்பும் பெற்றோருக்கு, அப்பா ஒரு நாளும் அம்மா மறுநாளும் மாறி மாறிப் படிக்கும் வீட்டுக்கு, அந்த நினைவை யாராவது கைமாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் இந்த மறுப்பில் ஓர் எச்சரிக்கை உண்டு. 1988-இல் அமெரிக்காவில் குரோவர் ஒயிட்ஹர்ஸ்ட் குழுவினர் காட்டியது, எவ்வளவு அடிக்கடி படிக்கிறோம் என்பது ஒன்றாக இருந்தாலும், திறந்த கேள்வி கேட்டுக் குழந்தையைப் பேசவிடும் பெற்றோரின் பிள்ளைகள் பேச்சில் முந்துகிறார்கள் என்பதை. இதைப் படித்துவிட்டுப் பக்கத்துக்குப் பக்கம் கேள்வி கேட்டால் தூக்கம் கலையும், கதையும் அறுபடும். இரவுக்கு ஒரு கேள்வி போதும், அதுவும் குறிப்பில் உள்ள இடத்தைப் பற்றி: ‘எலி அங்கே என்ன செய்கிறது?’ பதில் வராவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

இந்தக் குறிப்புக்கு இன்னொரு பயனும் உண்டு, அது சில வாரங்கள் கழித்தே தெரியும். வரிசையாக எழுதியவற்றைப் படித்துப் பார்த்தால் ரசனையின் போக்கு பிடிபடும். ‘எலி’, ‘மேலே நிலா’, ‘பூனை தூங்குது’ என்று போகும் வரிசை, எழுத்து சொல்லாததைப் படத்தில் கண்டுபிடிப்பதில் இந்தக் குழந்தைக்கு ஆசை அதிகம் என்கிறது. சில நாளாக எதுவும் எழுதக் கிடைக்கவில்லை, உள்ளங்கை எந்தப் பக்கத்தையும் தடுக்கவில்லை என்றால், அந்தப் புத்தகத்துக்கு ஓய்வு கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. அடுத்ததைத் தேர்ந்தெடுக்க ‘வயது 3 முதல் 5 வரை’ என்ற அட்டை முத்திரையைவிட நம் ஒரு வரிக் குறிப்புகள் நன்றாக வழி சொல்லும். எலியைத் தேடிய குழந்தைக்குப் பாட் ஹட்சின்ஸ் 1968-இல் வெளியிட்ட ‘ரோசீஸ் வாக்’ பொருந்தும். கோழி ஒன்று பண்ணையைச் சுற்றி நடந்துவருவதை மட்டுமே எழுத்து சொல்கிறது. பின்னாலேயே வரும் நரியைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அந்த நரியை யார் முதலில் பார்த்தார்கள் என்பதை அன்றிரவே எழுதிவையுங்கள். பெரும்பாலும் அது நீங்களாக இருக்காது.