ராதாநகர் கடற்கரைப் படத்தின் கீழே

அந்தமான் பேக்கேஜ் விளம்பரங்களில் ராதாநகர் கடற்கரைப் படத்தின் கீழே வரும் குறிப்பு பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கும்: 5 இரவு 6 பகல், தலைக்கு ரூ.18,999 முதல், ஹோட்டல், காலை உணவு, ஃபெர்ரி, சைட்சீயிங் உண்டு, அட்வான்ஸ் கட்டி புக் செய்யுங்கள். முதல்முறை போகும் குடும்பத்துக்கு இந்தச் சுருக்கம் பெரிய உதவி. அந்தக் கடற்கரை இருக்கும் ஹேவ்லாக் தீவுக்குப் போகத் தனியே படகு டிக்கெட் வேண்டும் என்பதையே பலர் இதைப் படித்துத்தான் அறிகிறார்கள். நாலு ஏஜென்சிகளின் விலையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் முடிகிறது.

ஆனால் 'உண்டு' என்ற சொல் எவ்வளவு என்று சொல்வதில்லை. போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் படகில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். அரசுப் படகில் அதைவிட அதிக நேரம், கட்டணம் குறைவு. எந்தப் படகு என்று எழுதாவிட்டால் இரண்டு பேக்கேஜ்களின் விலையை ஒப்பிடுவதில் பொருளில்லை. 'சைட்சீயிங்' என்பதும் பல நேரம் கார் வாடகை மட்டும்தான். நுழைவுக் கட்டணமும், செல்லுலார் சிறை ஒலி ஒளிக் காட்சியின் டிக்கெட்டும் தனி. படத்தில் ஸ்கூபா உடையில் ஒருவர் சிரிப்பார். பட்டியலில் ஸ்கூபா இருக்காது.

விலையையே எடுத்துக்கொள்வோம். அந்த ரூ.18,999 இருவர் ஓர் அறையில் தங்கும் கணக்கு. கணவன் மனைவிக்கு ரூ.37,998. 5 சதவீத ஜி.எஸ்.டி. தனி என்றால் இன்னும் ரூ.1,900. பத்து வயதுப் பிள்ளைக்கு எக்ஸ்ட்ரா பெட் வேறு, விமான டிக்கெட் வேறு. இதில் எதுவும் மோசடியல்ல. 'விமானக் கட்டணம், வரி, நுழைவு டிக்கெட் சேராது' என்று ஒரு வரி போட்டிருந்தால் போதும். அதைப் போடாததே இக்குறிப்புகளின் பெரிய குறை என்பேன்.

புக்கிங் வழிமுறையில் வரிசைதான் முக்கியம். பலரும் மலிவாகக் கிடைக்கிறதென்று விமான டிக்கெட்டை முதலில் வாங்கிவிடுகிறார்கள். மாலையில் போர்ட் பிளேர் இறங்குபவருக்கு அன்று ஹேவ்லாக் படகு கிடைக்காது. திரும்பும் விமானம் காலையில் என்றால் முந்தைய நாளே தீவிலிருந்து வந்துவிட வேண்டும். ஹேவ்லாக்கில் ஓர் இரவு அப்படியே போய்விடும். ஆகவே முதல் படியாக 'டிக்கெட் வாங்குமுன் தேதியையும் ஆள் எண்ணிக்கையையும் அனுப்புங்கள்' என்றும், அடுத்து 'ஹோட்டல் பெயர், படகின் பெயர் போட்ட நாள்வாரித் திட்டம் வந்தபின் அட்வான்ஸ்' என்றும் இருக்க வேண்டும். பணம் நிறுவனத்தின் கணக்குக்குப் போகிறதா, தனிநபர் எண்ணுக்கா என்பதும் அந்த இடத்திலேயே தெரிய வேண்டும்.

கடல் கொந்தளித்துப் படகு ரத்தானால் கூடுதல் இரவுக்கு யார் பணம் தருவது? மழைக்காலப் பேக்கேஜ் விற்பவர் இதற்கான பதிலை விலைக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும்.