தாளமில்லாக் கானம்

பல சமயங்களின் பக்தி கீதங்களை உயர்நிலைப் பள்ளி மாணாக்கர் செவிமடுக்கப் பழக்கும் ஆசிரியர், தாளக்கட்டில் அடங்காத இரண்டை மாத்திரம் தேர்ந்து, அவை எச்சமயத்தவை என்று முன்கூட்டிச் சொல்லாமலே ஒலிக்கச் செய்வது உத்தமம். ஒன்று, ஓதுவார் அரிகாம்போதியில் தாளமின்றிப் பாடும் அப்பரின் திருத்தாண்டகம். மற்றொன்று, கத்தோலிக்கத் துறவியர் வாத்தியத் துணையின்றி ஒரே குரலாக லத்தீனில் இசைக்கும் கிரிகோரியன் கீதம்.

பிள்ளைகள் பழக்கத்தினால் மேசையைத் தட்டத் தொடங்குவார்கள். சற்றைக்கெல்லாம் விரல் தடுமாறும். தடுக்க வேண்டாம், பாடம் அங்கேதான் ஆரம்பமாகிறது. பாடுவோர் மூச்சு விடுவது சொல் முடிகிற இடத்திலா, ராகம் இளைப்பாறுகிற இடத்திலா என்று கேட்கலாம். ஓதுவார் ஒரு சொற்றொடரைத் தெளிவாக உச்சரித்து நிறுத்தி, அதன் கடைசியில் ராகத்தை விரிப்பார். துறவியரோ ‘அல்லேலூயா’வின் இறுதி உயிரொலி ஒன்றையே பற்றிக்கொண்டு ஸ்வரம் ஸ்வரமாக நெடுந்தூரம் செல்வார்கள். சொல் தீர்ந்த பிறகும் குரல் ஏன் ஓயவில்லை என்பது இரண்டாவது வினா; இதற்கு ஒரே விடையை எதிர்பார்ப்பது பேதைமை.

குர்ஆன் ஓதுதலையும் சேர்ப்பதாயின், ராக பாவம் எவ்வளவு தோன்றினும் இஸ்லாமியர் அதனைச் சங்கீதம் என வழங்குவதில்லை என்பதை முதலிலேயே அறிவித்துவிட்டு, அதன் காரணத்தை மாணாக்கரையே விசாரித்து வரச் சொல்லலாம்.