ஒரே வால், இரண்டு வார்டுகள்

மருந்தியல் பாடத்தில் பீட்டா தடுப்பான்கள் என்ற பகுதிக்கு வரும் மாணவர் முதலில் கவனிப்பது பெயர்களின் வாலைத்தான். ப்ராப்ரனோலால், அட்டெனோலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால். எல்லாம் 'ஓலால்' என்றே முடிகின்றன. இது தற்செயல் அல்ல. ஒரே வகை மருந்துகளுக்குப் பொதுவான அசை இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த பெயரிடும் முறை இது. வாலைப் பிடித்தால் வகை கிடைக்கும், வகை தெரிந்தால் செயல் தெரியும். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் மாணவர்கள் இப்படித்தான் மனப்பாடம் செய்கிறார்கள். வார்டுக்குள் நுழைந்த பிறகுதான் வழி பிரிகிறது.

இலங்கையில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. அதன் முதல் தலைவர் சேனக பிபிலே மருந்தியல் பேராசிரியர். மருந்துகளைப் பொதுப்பெயரில் வாங்குவதும் எழுதுவதும் அவர் வகுத்த கொள்கையின் உயிர்நாடி. அதனால் அரச மருத்துவமனையில் நோயாளியின் அட்டையைப் பார்க்கும் மாணவருக்குப் பெரும்பாலும் 'ப்ராப்ரனோலால்' என்ற பெயரே கண்ணில் படும். வகுப்பில் படித்த வால் அங்கேயும் இருக்கும். பக்கத்துக் கட்டிலில் அட்டெனோலால். படித்ததை அவர் தினமும், தனக்குத் தெரியாமலே, திரும்பப் படிக்கிறார்.

இந்திய மாணவர் இரண்டாம் ஆண்டில் கே. டி. திரிபாதியின் பருமனான புத்தகத்தில் அதே பொதுப்பெயர்களைத்தான் கற்கிறார். ஆனால் தனியார் மருத்துவமனைச் சீட்டில் ப்ராப்ரனோலால் 'சிப்லார்' ஆகிவிடுகிறது. வாலும் இல்லை, தலையும் இல்லை. 'அட்டென்' என்பதில் அட்டெனோலாலின் தலையாவது மிஞ்சுகிறது. ஆக, அவர் வகைப்பட்டியலுக்கு மேல் இன்னொரு பட்டியலையும் சுமக்க வேண்டும். ஆனால் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் இதில் இலங்கைக்கு அருகில் நிற்கின்றன. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பொதுப்பெயரில் மருந்து வாங்கி வழங்குவதால் அங்கே வால் பெரும்பாலும் அறுபடுவதில்லை. எனவே இதை நாட்டெல்லையைவிட மருந்து வாங்கும் கொள்கைதான் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. இலங்கையிலும் தனியார் பாமசிக்குப் போனால் வணிகப் பெயர்கள் உண்டு. பரசிற்றமோலை அங்கே 'பெனடோல்' என்றுதான் கேட்பார்கள்.

வால் மட்டும் போதுமா? ஆஸ்துமாவுக்குத் தரும் சால்பியூட்டமாலும் 'ஆல்' என்றே முடிகிறது. ஆனால் அது பீட்டா ஏற்பிகளைத் தூண்டும்; ப்ராப்ரனோலால் அவற்றை அடைக்கும். பாதி வாலைப் பிடித்தவர் ஆஸ்துமாக்காரருக்கு ப்ராப்ரனோலாலைக் கொடுத்துவிட்டால் மூச்சுக்குழாய் சுருங்கும்.

ஆகவே ஒரு வகைக்கு ஒரு தலைவனை வைத்துப் படிப்பதே சரி. ப்ராப்ரனோலாலை முழுமையாகப் படியுங்கள். இதயத்தில் பீட்டா 1 ஏற்பியை அடைப்பதால் துடிப்பு குறைகிறது. மூச்சுக்குழாயில் பீட்டா 2 ஏற்பியை அடைப்பதால் இளைப்பு வருகிறது. பிறகு மற்றவற்றின் வித்தியாசத்தை மட்டும் சேருங்கள். அட்டெனோலால் பெரும்பாலும் இதயத்தோடு நிற்கும், சிறுநீரகம் வழியாக வெளியேறும்; சிறுநீரகம் கெட்டவருக்கு அளவைக் குறைக்க வேண்டும். எஸ்மோலால் ஊசியாகப் போய்ச் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். கார்வெடிலால் ஆல்ஃபா ஏற்பியையும் அடைக்கும். ஆங்கில எழுத்து வரிசையில் 'எம்' வரை தொடங்குபவை இதயத்தைத் தேர்ந்தெடுப்பவை, அதற்குப் பிந்தியவை அப்படி அல்ல என்றொரு குறுக்குவழி இரு நாட்டு விடுதிகளிலும் உலவுகிறது. நெபிவோலால் அதை உடைத்துவிடும். 'என்'னில் தொடங்கினாலும் அது இதயத்தையே தேர்ந்தெடுக்கிறது.

தேர்வுமுறையும் படிப்பை வளைக்கிறது. இந்திய முதுநிலை நுழைவுத் தேர்வில் நான்கில் ஒன்றைத் தேர்ந்தால் போதும். வாலை அடையாளம் காண்பவர் பல இடங்களில் தப்பிவிடுவார். இலங்கையில் நெடுங்காலமாக வழங்கும் வினாவில் ஒரு மருந்துக்கு ஐந்து கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் சரியா பிழையா என்று எழுத வேண்டும். ப்ராப்ரனோலால் இதயத்துடிப்பைக் குறைக்கும்: சரி. இளைப்பைத் தூண்டும்: சரி. ஒற்றைத் தலைவலி வராமல் காக்கும்: சரி. சர்க்கரை தாழும்போது வரும் நடுக்கத்தை மறைக்கும்: சரி. வியர்வையை மறைக்கும்: பிழை. கடைசிக் கூற்றில்தான் பலர் விழுவார்கள். வியர்வைச் சுரப்பிக்குப் போகும் நரம்பு அசிட்டைல்கோலின் வழியே வேலை செய்கிறது, பீட்டா ஏற்பி அங்கே குறுக்கிடுவதில்லை. செயல்முறை தெரிந்தவர்தான் இதைக் கண்டுபிடிப்பார்.

இந்த ஐந்து கூற்று முறை மனப்பாடத்துக்கு நல்ல சாணைக்கல். இந்திய மாணவர் தேர்வுக்குத் தேவையில்லை என்றாலும் வகைக்கு ஒரு தலைவனை எடுத்து, தாமே ஐந்து கூற்றுகள் எழுதி, ஒன்றையாவது பொய்யாக வைத்துப் பழகட்டும். இலங்கை மாணவர் உள்ளகப் பயிற்சி முடித்துத் தனியார் மருத்துவமனைக்குப் போவதற்கு முன்பு அங்கே புழங்கும் வணிகப் பெயர்களை வகைவாரியாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். மாத்திரைப் பட்டை கையில் இருந்தால் எந்த நாட்டிலும் திருப்பிப் பார்க்கலாம். உள்ளடக்கத்தைச் சொல்லும் வரியில் பொதுப்பெயர் அச்சாகியிருக்கும்.