முடி நீக்கும் கிறீம்: இரண்டு சோதனை, இரண்டு கணக்கு

கால் முடியை எடுக்க ரேசர், வக்ஸ், கிறீம் மூன்றையும் பயன்படுத்திப் பார்த்தேன். கதிரவெளி போன்ற கடலோர ஊரில், வெயிலும் உப்புத் தண்ணீரும் அன்றாடம் படும் தோலுக்கு இதில் எது பொருந்தும் என்பதே என் கேள்வி.

ரேசர் மலிவு, வேலையும் விரைவில் முடியும். அது முடியைத் தோல்மட்டத்தில் வெட்டுவதால் ஓரிரு நாளில் முள் முள்ளாகத் தட்டுப்படும். வக்ஸ் வேரோடு பிடுங்குவதால் சில வாரங்களுக்குக் கவலையில்லை. ஆனால் வலிக்கும், முடியும் அரை சென்றிமீற்றராவது வளர்ந்திருக்க வேண்டும். நம் வெக்கையில் பட்டி வக்ஸ் இளகிக் காலிலேயே ஒட்டிக்கொள்கிறது.

கிறீம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதிலுள்ள தயோகிளைக்கோலேற்று, காரத்தோடு சேர்ந்து முடியின் கெரற்றினைக் கரைக்கிறது. அந்தக் கந்தக நெடிக்கும் இதுதான் காரணம். தோலிலும் கெரற்றின் இருப்பதால் கிறீம் அதையும் தாக்கும். ஆனால் முடி முதலில் கரைகிறது. அந்தச் சிறு இடைவெளிதான் லேபிளில் நிமிடங்களாக அச்சிடப்பட்டிருக்கிறது.

லேபிளில் சோதனை இரண்டு உண்டு. பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது ஒவ்வாமைச் சோதனை. முடி எடுக்கப்போகும் இடத்திலேயே சிறிதளவு பூசி, சொன்ன நேரத்தில் கழுவிவிட்டு, 24 மணிநேரம் பார்க்க வேண்டும். 24 மணிநேரம் என்பது காத்திருக்கும் காலம், கிறீம் தோலில் இருக்கும் காலமல்ல. சிவப்பு, தடிப்பு, கடி எதுவுமில்லாவிட்டால்தான் மறுநாள் முழுக்காலுக்கும் பூசலாம்.

இரண்டாவது, பூசிய அன்றைக்கான சோதனை. என் கையிலிருந்த ரியூபில் 5 நிமிடம், எப்படியும் 10ஐத் தாண்டக்கூடாது என்றிருந்தது. இந்த எண் ரியூபுக்கு ரியூப் மாறும், அதனால் உங்கள் ரியூபில் உள்ளதையே எடுங்கள். 5 நிமிடத்தில் ஒரு சிறு இடத்தை மட்டும் கூட வந்த கரண்டியால் வழியுங்கள். முடி கூடவே வந்தால் முழுவதையும் வழித்துவிடலாம். வராவிட்டால் இன்னும் சற்றுப் பொறுக்கலாம், 10 நிமிடத்துக்குள் எல்லாம் தோலைவிட்டுப் போக வேண்டும். எரிவு வந்தால் நேரம் பார்க்காமல் உடனே கழுவுங்கள்.

நேரத்தை எப்போது தொடங்குவது? முழுக்காலையும் பூசி முடிக்க 3 நிமிடம் பிடித்தால், முதலில் பூசிய கணுக்காலில் கிறீம் ஏற்கெனவே 3 நிமிடம் இருந்துவிட்டது. பூசி முடித்தபின் 10 எண்ணினால் அங்கே 13 ஆகிறது. ஆகவே முதல் துளி பட்டதும் கடிகாரத்தைத் தொடங்குங்கள், ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் பூசுங்கள். வழிப்பதும் முதலில் பூசிய இடத்திலிருந்தே இருக்கட்டும். வாளியில் தண்ணீர் நிறைந்திருப்பதைப் பார்த்த பிறகே ரியூபைத் திறக்க வேண்டும். சவர்க்காரம் போடாமல் நிறையத் தண்ணீரால் கழுவ வேண்டும்.

வெயிலில் கருகிய தோலிலும், கீறல் உள்ள இடத்திலும், அன்று சவரம் செய்த இடத்திலும் கிறீம் கூடாது. பூசிய பின் ஒரு நாளாவது கடலில் இறங்காமலும் காலில் வெயில் படாமலும் இருப்பது நல்லது. தினமும் கடலில் நிற்பவர்களுக்கு வக்ஸ் செய்து சில வாரம் விடுவதே வசதி. அவசரத்துக்கு, கூரான புது பிளேட்டுள்ள ரேசர். ஒரு நாள் முன்கூட்டியே திட்டமிடக்கூடியவர்களுக்கு மட்டும் கிறீமைப் பரிந்துரைப்பேன்.