மூன்று வரியில் ஒரு மொழிபெயர்ப்பாளர்

"தமிழ் – ஆங்கிலம். சட்டம், மருத்துவம், தொழில்நுட்பம், வணிகம், இலக்கியம். சான்றிதழ் பெற்றவர்." மொழிபெயர்ப்பாளர்களின் சுயவிவரக் குறிப்புகள் பெரும்பாலும் இந்த வார்ப்பில்தான் இருக்கின்றன. சென்னையில் எழுதினாலும் மெல்போர்னில் எழுதினாலும் வரிசை மாறுவதில்லை: முதலில் மொழி இணை, அடுத்து துறை, கடைசியில் சான்றிதழ். வேலை கொடுப்பவர் இதைப் பார்த்துத்தான் தன் கையிலுள்ள ஆவணத்தை அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறார். அந்த முடிவுக்கு இந்த மூன்று வரிகள் எவ்வளவு உதவுகின்றன என்று பார்த்தால், முதல் வரி நன்றாக உதவக்கூடியது, இரண்டாவது அரைகுறையாக உதவுகிறது, மூன்றாவது பல வேளைகளில் தவறான ஆளிடம் கொண்டுபோய் விடுகிறது.

முதல் வரியின் பலம் திசையில் இருக்கிறது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்ப்பதும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்ப்பதும் வெவ்வேறு திறன்கள். எழுதும் மொழியில் கை தேர்ந்திருக்க வேண்டும். மூலமொழியில் புரிதல் ஆழமாக இருந்தால் போதும். 1976-இல் நைரோபியில் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட பரிந்துரையும், மொழிபெயர்ப்பாளர் இயன்றவரை தன் தாய்மொழிக்கோ தாய்மொழிக்கு நிகராகக் கைவந்த மொழிக்கோதான் பெயர்க்க வேண்டும் என்கிறது. மாநாட்டு உரைபெயர்ப்பாளர்களின் பன்னாட்டுச் சங்கம் இதற்கு இன்னும் தெளிவான வழியை வைத்திருக்கிறது. தாய்மொழி 'ஏ', தாய்மொழி அல்லாமல் பேசிப் பெயர்க்கக்கூடிய மொழி 'பி', கேட்டுப் புரிந்துகொண்டு அதிலிருந்து மட்டும் பெயர்க்கக்கூடிய மொழி 'சி'. ஒருவர் எந்த மொழியைக் கேட்டு எந்த மொழியில் பேசுவார் என்பது இந்த மூன்று எழுத்தில் முழுவதும் வந்துவிடுகிறது.

தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் போடும் சிறு கோடு இந்தத் திசையைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. 'தமிழ் – ஆங்கிலம்' என்றால் எதிலிருந்து எதற்கு? இரண்டு பக்கமும் என்று வேலை கொடுப்பவர் எடுத்துக்கொள்கிறார். யாழ்ப்பாணத்து இறப்புச் சான்றிதழை நல்ல ஆங்கிலத்தில் தரக்கூடியவரிடம், மருத்துவமனை நோயாளிகளுக்குக் கொடுக்கவிருக்கும் ஆங்கிலத் துண்டுப் பிரசுரம் தமிழாக்கத்துக்கு வருகிறது. வெளிநாட்டில் வளர்ந்து, தமிழை வாசித்து நன்றாகப் புரிந்துகொண்டு, எழுத மட்டும் தடுமாறுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் செய்யும் வேலை தரமாகவே இருக்கும். கோட்டுக்குப் பதிலாக 'தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மட்டும்' என்று எழுதினால் அவர்களுக்கு வரும் வேலை சரியாக வரும், நோயாளிக்கும் படிக்கத்தக்க பிரசுரம் கிடைக்கும். மூன்று வரியில் மிக எளிதாகத் திருத்தக்கூடிய குறை இதுதான்.

துறை வரியில் சிக்கல் ஆழமானது. 'சட்டம்' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். மெல்போர்னில் ஒரு குடும்ப வழக்கு. கணவன், மனைவி இருவரின் சொத்துகளையும் பட்டியலிட வேண்டும். வழக்கறிஞரிடம் யாழ்ப்பாணத்துக் காணி உறுதி ஒன்று வருகிறது. அவர் பட்டியலில் 'தமிழ், சட்டம்' என்று தேடி ஒருவரைப் பிடிக்கிறார். கிடைத்தவர் தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் கிரயப் பத்திரமும் வில்லங்கச் சான்றிதழும் பட்டாவும் மொழிபெயர்த்து அனுபவப்பட்டவர். அவர் குறிப்பில் பொய் ஏதும் இல்லை. ஆனால் இந்த உறுதியில் அவருக்கு முதல் பக்கத்திலேயே தடுக்கும். நிலத்தின் அளவு சென்ட்டில் இல்லை, பரப்பிலும் லாச்சத்திலும் இருக்கிறது. லாச்சத்துக்கு நெற்கணக்கு, வரகுக் கணக்கு என்று இருவகை உண்டு. இரண்டுக்கும் பரப்பளவு வேறு. வரகுக் கணக்கில் 16 லாச்சம் ஓர் ஏக்கர். 'குழி' இரு நாட்டிலும் வழங்குகிறது, ஆனால் அளவு ஒன்றல்ல. பழகிய அளவை நினைத்து அடிக்குறிப்பில் சதுர அடி போட்டால் காணியின் அளவே மாறிவிடும்.

அளவையாவது யாராவது கேட்டுத் திருத்திவிடலாம். உறுதியில் சொத்து எப்படி வந்தது என்று சொல்லும் பகுதி இன்னும் கடினம். யாழ்ப்பாணத் தமிழர்களின் சொத்துரிமையைத் தேசவழமைச் சட்டம் ஆள்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் 1707-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்டு, பின்னர் 1911-இன் கட்டளைச் சட்டத்தால் திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் உள்ளது. அதில் முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்து வகைப்படும். முதுசம் முன்னோர் வழியில் வந்தது. தேடிய தேட்டம் மணவாழ்க்கையின்போது சம்பாதித்தது. அதில் மற்றத் துணைக்கும் உரிமை உண்டு. இந்த வழக்கில் நீதிமன்றம் கேட்பதே அந்த வேறுபாட்டைத்தான். தமிழ்நாட்டு வழக்கத்தை வைத்துக்கொண்டு தேடிய தேட்டத்தைச் 'சுயார்ஜித சொத்து' என்பதற்கான ஆங்கிலத்தில் கொடுத்தால், வாக்கியத்தில் இலக்கணப் பிழை இருக்காது, வாசிக்கவும் இடறாது. மனைவியின் பங்கு மட்டும் மொழிபெயர்ப்பில் காணாமல் போயிருக்கும். வழக்கறிஞருக்குத் தமிழ் தெரியாது. அவர் கண்டுபிடிக்க வழியில்லை.

இத்தனைக்கும் காரணம் துறை வரி எந்த நாட்டுச் சட்டம் என்று சொல்லாததுதான். இதே உறுதியை இலங்கையில் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் இயல்பாகச் செய்திருப்பார். அவருக்குத் தமிழ்நாட்டு வில்லங்கச் சான்றிதழ் வந்திருந்தால் அதே அளவு தடுமாறியிருப்பார். ஆகவே துறையின் பெயரை விட ஆவணத்தின் பெயரை எழுதுவதே வேலை கொடுப்பவருக்குப் பயன்படும் என்பது என் உறுதியான கருத்து. 'சட்டம்' என்பதைவிட 'இலங்கைக் காணி உறுதி, பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகள், பொலிஸ் அறிக்கை' என்பது நீளம்தான். ஆனால் தமிழ் தெரியாத வழக்கறிஞரும் தன் கையிலுள்ள காகிதத்தை அந்த வரியோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். துறைப் பெயர் மொழிபெயர்ப்பாளர் தன்னைப் பற்றி நினைப்பதைச் சொல்கிறது, ஆவணப் பெயர் அவர் மேசைக்கு எது வந்து போயிருக்கிறது என்பதைச் சொல்கிறது.

சான்றிதழ் வரிக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்றளிக்கும் நாட்டி அமைப்பு 1977-இல் தொடங்கியது. அது தரும் மொழிபெயர்ப்புச் சான்று திசை சார்ந்தது. முத்திரையிலேயே எந்த மொழியிலிருந்து எதற்கு என்பதும், சான்று எந்த நாள்வரை செல்லும் என்பதும் இருக்கும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். முன்மாதிரியாகக் கொள்ளத்தக்க ஏற்பாடு இது. அதே அமைப்பு சி.சி.எல். என்ற சமூகமொழித் தேர்வையும் நடத்துகிறது. குடியேற்றத்துக்கு ஐந்து புள்ளி பெற நம்மவர்கள் நிறையப் பேர் தமிழில் அதை எழுதுகிறார்கள். அன்றாடச் சூழலில் நடக்கும் இரண்டு சிறு உரையாடல்களைப் பெயர்ப்பதுதான் தேர்வு. உரைபெயர்ப்பாளராகத் தொழில் செய்ய அது தகுதி ஆகாது. ஆனால் சுயவிவரத்தில் 'நாட்டி தேர்ச்சி' என்று மட்டும் எழுதினால் இரண்டில் எது என்று வெளியாருக்குத் தெரியாது. எழுதியவர் ஏமாற்ற நினைத்திருக்க வேண்டியதில்லை. வரியின் சுருக்கமே அந்த மயக்கத்தை உண்டாக்குகிறது.

ஐ.எஸ்.ஓ. 17100 என்று போட்டுக்கொள்வதிலும் இதே நிலைதான். 2015-இல் வந்த அந்தத் தரநிலை மொழிபெயர்ப்புச் சேவை வழங்குவோரின் நடைமுறைக்கு உரியது. மொழிபெயர்த்தவர் அல்லாத இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியிருக்க வேண்டும் என்பது அதன் முக்கியமான நிபந்தனை. மொழிபெயர்ப்பாளருக்கு அது கேட்கும் தகுதிக்கு மூன்று வழி உண்டு: மொழிபெயர்ப்பில் பட்டம், அல்லது வேறு பட்டமும் இரண்டாண்டு முழுநேர அனுபவமும், அல்லது ஐந்தாண்டு முழுநேர அனுபவம். தனியாகத் தொழில் செய்பவர் 'அதன் தகுதிக்கு உட்பட்டவன்' என்று எழுதலாம், எந்த வழியில் என்றும் சொல்லலாம். திருத்துநர் யாரும் இல்லாமல் 'ஐ.எஸ்.ஓ. சான்று பெற்றவர்' என்று எழுதினால், இரண்டாவது ஆள் பார்த்த வேலை என்ற நம்பிக்கையில் காசு கொடுப்பவர் ஏமாறுகிறார்.

சான்றிதழுக்கு எட்டாத இன்னொரு எல்லையும் உண்டு. மொழிபெயர்ப்பாளருக்கான நாட்டி சான்று அவர் எந்தத் துறையில் வல்லவர் என்று சொல்வதில்லை. மருத்துவம், சட்டம் என்று தனிச் சிறப்புச் சான்று இருப்பது உரைபெயர்ப்பாளர்களுக்குத்தான். எனவே துறை வரியையும் சான்றிதழ் வரியையும் அடுத்தடுத்து வைக்கும்போது, சான்றிதழ் துறைக்கும் சேர்த்து உத்தரவாதம் தருவதாக ஒரு தோற்றம் வருகிறது. மேலே சொன்ன காணி உறுதியை எடுத்தவரிடமும் முறையான சான்று இருந்திருக்கலாம்.

இவ்வளவு சொல்லும்போது ஒரு நியாயமான மறுப்பு எழும். தமிழுக்கு வரும் வேலையே குறைவு; 'இலங்கைக் காணி உறுதி' என்று சுருக்கிக்கொண்டால் அடுப்பெரியுமா? ஜெர்மன் மொழிக்காரர் காப்புரிமை ஆவணங்களை மட்டும் செய்து வாழலாம், தமிழ்க்காரர் வந்ததை எடுத்துத்தான் ஆக வேண்டும். இதை நான் ஒத்துக்கொள்கிறேன். அதற்காக எல்லாத் துறையையும் ஒரே வரியில் அடுக்க வேண்டியதில்லை. மூன்று படியாக எழுதலாம். 'அடிக்கடி செய்பவை' என்று நான்கைந்து ஆவண வகை. 'திருத்துநர் உதவியோடு, கூடுதல் அவகாசத்தில் செய்பவை' என்று இன்னும் சில. மூன்றாவதாக, எடுப்பதில்லை என்று ஒன்றிரண்டு. உதாரணமாக இப்படி:

"தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு, நாட்டி மொழிபெயர்ப்பாளர் சான்று இந்தத் திசைக்கு மட்டும், செல்லும் நாள் முத்திரையில் உள்ளது. அடிக்கடி செய்பவை: தமிழ்நாட்டுப் பதிவுச் சான்றுகள், கிரயப் பத்திரம், பட்டா, பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்கள். திருத்துநரோடு செய்பவை: இலங்கைக் காணி உறுதி, மருத்துவ அறிக்கை. எடுப்பதில்லை: ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு, இலக்கியம்."

இதில் யாருக்கும் வேலை குறையவில்லை. காணி உறுதி இவரிடமே வந்தாலும் இரண்டாவது கண் வேண்டும் என்று வழக்கறிஞருக்கு முன்கூட்டியே தெரியும், கட்டணமும் நாளும் அதற்கேற்பப் பேசப்படும்.

உரைபெயர்ப்பாளர்களுக்கு இந்த மாதிரி அப்படியே பொருந்தாது. அவர்கள் இரு பக்கமும் பேச வேண்டியவர்கள், திசைப் பிரச்சினை பெரிதாக எழாது. அவர்களுக்கு எந்த ஊர்த் தமிழ் என்பதுதான் முதல் கேள்வி. நிறுவனங்களின் படிவத்தில் 'தமிழ்' என்று ஒரே கட்டம் இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து வந்த முதியவர் தொலைபேசியில் பேசுகிறார். முகம் தெரியவில்லை, கையசைவு தெரியவில்லை. எதிர்முனையில் சென்னைத் தமிழ் மட்டும் பழகியவர் இருந்தால் ஒவ்வொரு வாக்கியத்தையும் திரும்பக் கேட்க நேர்கிறது. ஆகவே வழக்கைக் குறிப்பிட வேண்டும் என்பேன். ஆனால் இங்கே வெளிப்படையாக எழுதுவதற்கு ஓர் ஆபத்தும் இருக்கிறது. புகலிட விசாரணைக்கு வருகிறவர் தன் ஊர்க்காரர் எதிரே தன் கதையைச் சொல்ல அஞ்சலாம். உரைபெயர்ப்பாளருக்கும் ஊரில் உறவுகள் இருக்கும், அவர் பிறந்த இடத்தை வைத்து அவரது சார்பை முடிவு செய்பவர்களும் இருப்பார்கள். அதனால் சொந்த ஊரை எழுதாமல், கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய வழக்குகளை மட்டும் எழுதுவது நல்லது: 'யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் ஆகிய வழக்குகள் பழக்கம்.' வேலை கொடுப்பவர் ஊரைக் கேட்டாலும் அந்தத் தகவலைக் குறிப்பில் வைக்காமல், குறிப்பிட்ட வேலைக்குத் தேவைப்படும்போது தனியாகச் சொல்லிக்கொள்ளலாம்.