ஹெவி மெட்டலில் கோபம்: தீ யார் மேல் விழுகிறது?

மதுரையில் கோபத்தைப் பாட்டாக்க நினைப்பவருக்கு முன்னோடி கண்ணகிதான். ஹெவி மெட்டல் வரிகள் தேடிப் போகும் இருண்ட படிமங்கள் அத்தனையும் சிலப்பதிகாரத்தின் வஞ்சினமாலையில் இருக்கின்றன. திருகி எறியப்பட்ட முலை, கண்முன் வந்து நிற்கும் தீக்கடவுள், எரியப்போகும் தலைநகரம். ஆனாலும் அதை வன்முறைக்குப் பாடிய வாழ்த்தாக யாரும் படிப்பதில்லை. யாரைச் சுடக்கூடாது என்று கண்ணகியே தீயிடம் சொல்லிவிடுகிறாள்: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிகள், முதியோர், குழந்தைகள். மற்றபடி தீயவர் பக்கமே செல் என்கிறாள். அந்தப் பட்டியலோடு இன்று நாம் வாதாடலாம். ஆனால் கோபத்துக்கு இலக்கு உண்டு, எல்லையும் உண்டு என்பதை அது காட்டிவிடுகிறது.

அதே காப்பியத்தில் எதிர் உதாரணமும் இருக்கிறது. கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன், கண்ணகியின் சினம் தணிக்க ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான். பொய் சொன்னவன் ஒரு பொற்கொல்லன். செத்தவர்கள் ஆயிரம் பேர். ஒருவன் மேல் எழுந்த கோபம் ஒரு கூட்டத்தின் மேல் திரும்பிவிட்டது. கோபப் பாட்டு தடம் புரளும் இடமும் இதுதான்.

மேற்கத்திய மெட்டலிலும் இந்த இரண்டு வழிகள் உண்டு. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த 1970இல் பிளாக் சபாத் வெளியிட்ட ‘வார் பிக்ஸ்’, படைத்தளபதிகளைக் கறுப்புப் பூசையில் கூடும் சூனியக்காரிகளோடு ஒப்பிடுகிறது. போரை மூட்டுபவர்கள் ஒதுங்கிக்கொள்ள, ஏழைகள் சாகப் போகிறார்கள். கடைசியில் தீர்ப்பு நாளில் தளபதிகள் மண்டியிடுகிறார்கள். படிமம் எவ்வளவு கறுத்தாலும் பாட்டு யார் பக்கம் என்பதில் ஐயமே இல்லை. 1986இல் ஸ்லேயர் குழு பாடிய ‘ஏஞ்சல் ஆஃப் டெத்’ வேறு வகை. நாஜி மருத்துவன் மெங்கலேயின் கொடுமைகளை அது அடுக்குகிறது, வெளிப்படையாகக் கண்டிப்பதில்லை. அவன் கொடியவன் என்பது கேட்பவருக்கே தெரியும் என்று குழு நம்பியது. ஆனால் நாஜி அனுதாபிகள் என்ற பழி வந்தது. அந்தப் பாட்டு இடம்பெற்ற ஆல்பத்தை விநியோகிக்க கொலம்பியா நிறுவனம் மறுத்தது. பாட்டு எங்கே நிற்கிறது என்பதைக் கேட்பவர் ஊகத்துக்கு விட்டால் நேரும் சிக்கல் இது.

மதுரைச் சீமையில் அந்த ஊகம் இன்னும் ஆபத்தானது. இங்கே அருவாள் வெறும் படிமமல்ல. சாதிப்பெருமைப் பாட்டுகளும் சினிமாவும் அதைப் பல காலமாக வீரத்தின் சின்னமாக்கி வைத்திருக்கின்றன. மேலூர்ப் பக்கம் மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்ட மண் இது. இந்த மண்ணில் ஒரு கலகப் பாட்டு, ‘அருவா எடுத்தோம், தல எடுப்போம்’ என்று தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எழுதியவர் ஒடுக்கப்பட்டவராகவே இருக்கலாம். ஆனால் அதே வரியை ஒடுக்குபவரின் குருபூசை ஊர்வலத்திலும் ஒரு சொல் மாற்றாமல் போட்டு ஆடலாம். கோபப் பாட்டுக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை: நம் எதிரி இதைத் தன் பாட்டாகப் பாட முடியுமா?

அந்த வரியைத் திருத்திப் பார்க்கலாம்.

‘தேச்சுத் தேச்சுக் கழுவுன அருவாவுல
போக மாட்டேங்குது எங்கண்ணன் பேரு.’

அருவாள் அப்படியே இருக்கிறது, இருட்டு இன்னும் கூடியிருக்கிறது. ஆனால் இப்போது பேசுவது வெட்டியவன் அல்ல, செத்தவனின் தம்பி. ‘எடுத்தோம்’ என்ற வெற்றிச் சொல் போய், துடைத்தும் போகாத குற்றம் வந்திருக்கிறது. கொலைகாரனால் இதைக் கொண்டாட்டமாகப் பாட முடியாது. குரலுக்கும் இது தோதானது. தொண்டையைக் கிழித்து உறுமும்போது மெல்லிய ஒலிகள் கரைந்துபோகும். ‘ச்சு’, ‘ட்டே’ போன்ற இரட்டித்த வல்லினங்கள் டிரம் அடியோடு தெறித்துக் காதில் விழும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது பல்லவி. கிட்டாரின் இரைச்சலில் சரணங்கள் பாதிதான் கேட்கும்; கூட்டம் திருப்பிக் கத்துவது பல்லவியை மட்டுமே. சரணத்தில் வன்முறையைக் கண்டித்துவிட்டுப் பல்லவியில் ‘வெட்டு, வெட்டு’ என்று வைத்தால் மைதானத்தில் மிஞ்சுவது வெட்டுதான். இன்குலாப் எழுதி, கே.ஏ. குணசேகரன் மேடை மேடையாகப் பாடிய ‘மனுசங்கடா’ இதற்குச் சரியான பாடம். அதில் கூட்டம் திருப்பிச் சொல்லும் சொல்லே ‘நாங்களும் மனிதர்கள்’ என்ற உரிமைக்குரல். 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, பறையையும் கானாவையும் ராக்கையும் சேர்த்து அந்தக் குரலைத் தொடர்ந்தது. சாதியற்றவர் என்பதையே தன் பெயராக்கிக்கொண்டது.

தமிழில் ஹெவி மெட்டல் இன்னும் சிறிய வட்டம்தான். அதற்கான மொழியை இனிமேல்தான் பெரிதாக உருவாக்க வேண்டும். அதை எழுதப்போகும் மதுரைப் பிள்ளைகள் ரத்தத்தையும் தீயையும் விட்டுவிட வேண்டியதில்லை. பேசுபவன் யார், கோபம் எவர் மேல், கூட்டம் திருப்பிக் கத்தப்போவது எதை என்ற மூன்றையும் முடிவு செய்துகொண்டு எழுதினால் போதும். அப்படி எழுதிய பாட்டு எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் அருவாள் பிடித்தவன் கைக்குப் போகாது.