சுவரைப் பார்க்காதீங்க, நிழலைப் பாருங்க: வீட்டுப் படத்துக்கு வண்ணம் மாற்றுவது பற்றி ஒரு விமர்சனம்

வீட்டுக்கு வெளிப்பெயிண்ட் அடிக்கும் முன் "இப்படித்தான் வரும்" என்று ஒரு படம் காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. வீட்டின் போட்டோவில் சுவருக்கு ஒரு நிறம், சன்ஷேடுக்கும் ஜன்னல் பட்டைக்கும் இன்னொரு நிறம். அதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் தலையாட்டினால் பக்கெட் பக்கெட்டாகக் கலர் கலக்கி வந்து இறங்கும். கலக்கிய பெயிண்டைக் கடைக்காரர் பொதுவாகத் திரும்ப எடுக்கமாட்டார். ஆகவே அந்தப் படம் பொய் சொன்னால் நஷ்டம் வீட்டுக்காரருக்குத்தான்.

மதுரையில் உறவினர் ஒருவருடைய மாடி வீட்டுக்கு வந்த அப்படிப்பட்ட படம் ஒன்றை இங்கே அலசுகிறேன். பழைய நிறம் க்ரீம். கேட்டது செங்கல் சிவப்பு, பட்டைகளுக்கு வெள்ளை. மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல வேலை. ஓரங்கள்கூட சுத்தமாக வெட்டப்பட்டிருந்தன. ஆனாலும் பார்த்த எல்லோருக்கும் "ஏதோ ஒட்டாத மாதிரி இருக்கே" என்று தோன்றியது. அந்த "ஏதோ" என்ன என்பதுதான் விஷயம்.

முதலில் ஒரு அடிப்படை. போட்டோவில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் இரண்டு சங்கதிகளின் பெருக்கல்: அந்த இடத்தில் விழுந்த வெளிச்சம், அதில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்கிற சுவரின் நிறம். நிறம் மாற்றும்போது வெளிச்சம் மாறக்கூடாது. சன்ஷேடின் நிழலில் விழும் வெளிச்சம் வெயிலில் விழுவதில் மூன்றில் ஒரு பங்கு என்றால், க்ரீம் சுவரானாலும் சிவப்புச் சுவரானாலும் அதே மூன்றில் ஒரு பங்குதான். ஆக, செய்ய வேண்டியது இவ்வளவே:

```
புதிய புள்ளி = பழைய புள்ளி × புதிய நிறம் ÷ பழைய நிறம்
```

நமக்கு வந்த படத்தில் இது நடக்கவில்லை. ஃபோட்டோஷாப்பில் சுவரைத் தேர்ந்தெடுத்து, மேலே சிவப்பு லேயர் போட்டு `Color` என்று வைப்பது பலருடைய பழக்கம். அந்த முறை பழைய பிரகாசத்தை அப்படியே வைத்துக்கொண்டு சாயலை மட்டும் மாற்றும். வெயில் படும் க்ரீம் சுவரின் புள்ளி (236, 224, 196) என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் செங்கல் சிவப்பை (150, 70, 50) `Color` முறையில் போட்டால் கிடைப்பது சுமார் (255, 213, 203). இது செங்கல் இல்லை, ரோஸ் பவுடர்! க்ரீம் சுவரின் பிரகாசத்தில் செங்கல் சிவப்பு என்ற ஒன்று இருக்கவே முடியாது.

படம் செய்தவருக்கும் இது வெளிறித் தெரிந்திருக்கும். அதனால் ஸ்லைடரை இழுத்துக் கருமையாக்கியிருக்கிறார், எல்லாப் புள்ளியிலிருந்தும் ஏறத்தாழ ஒரே அளவைக் கழிக்கிற வகையில். இங்கேதான் படம் செத்துப்போகிறது. கணக்கைப் பாருங்க. வெயிலில் 224, நிழலில் 130 என்று இருந்த இடத்தில் நூறைக் கழித்தால் 124, 30 ஆகும். படத்தில் உள்ள எண்கள் வெளிச்சத்தின் நேரடி அளவு அல்ல. வெளிச்சமாக மாற்றிப் பார்த்தால் முதலில் வெயில் நிழலைப் போல சுமார் 3.3 மடங்கு. கழித்த பிறகு 15 மடங்குக்கும் மேல். மதுரை வெயில் எவ்வளவு கொடுமையானாலும், பக்கத்து வீட்டு நிழல் சாம்பலாக இருக்கும்போது நம் வீட்டு சன்ஷேடுக்கு அடியில் மட்டும் கரி பூசியது மாதிரி இருக்காது இல்லீங்களா. அதே வேலையைக் கழிக்காமல் பெருக்கிச் செய்தால் 224 என்பது 124 ஆகும்போது 130 என்பது 72 ஆகும். விகிதம் மூன்றுக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

சரியாகச் செய்வது கஷ்டமும் இல்லை. புதிய நிறத்தைப் பழைய நிறத்தால் சேனல் சேனலாக வகுத்து 255ஆல் பெருக்கினால் (162, 80, 65) வருகிறது. இந்த நிறத்தில் ஒரு லேயர் போட்டு `Multiply` வைத்தால் போதும். வெயில் பட்ட இடம் செங்கல் சிவப்பாகும். நிழலில் (126, 130, 132) ஆக இருந்த புள்ளி சுமார் (80, 41, 34) ஆகும். வெயிலில் சிவப்பு நீலத்தைப் போல மூன்று மடங்கு. நிழலிலோ இரண்டரைக்கும் குறைவு. அதாவது நிழல் வெறும் "கருத்த சிவப்பு" இல்லை, கொஞ்சம் ஊதா பக்கம் சாய்கிறது. நிழலுக்கு வெளிச்சம் தருவது பெரும்பாலும் நீல வானம் என்பதால் அதுதான் நியாயம். நாம் எதையும் தனியாக வரையவில்லை, போட்டோவிலேயே இருந்த வானம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒரு எச்சரிக்கை. புதிய நிறம் என்று ஷேட் கார்டின் எண்ணை அப்படியே போடக்கூடாது. அதே வெயிலில் இருக்கும் வெள்ளைப் பட்டை படத்தில் எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்று பார்த்து, அதற்கு ஏற்றபடி எண்ணைக் கூட்டியோ குறைத்தோ கொள்ள வேண்டும். பட்டையே மங்கலாக விழுந்திருக்கும் போட்டோவில் சுவர் மட்டும் கார்டு மாதிரி பளிச்சென்று இருந்தால் அது சுவர் இல்லை, ஸ்டிக்கர்.

பெருக்கலாலும் தீராத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, மினுமினுப்பு. மேட் பெயிண்ட் அடித்த சுவரில் இது பெரிதாகத் தெரியாது. ஆனால் எனாமல் அடித்த கதவிலும் கிரில்லிலும் தெரியும் வெள்ளைக் கோடு பெயிண்டின் நிறம் அல்ல. அது மேற்பரப்பில் பட்டுத் தெறித்த வெயில். எந்த நிறம் அடித்தாலும் வெள்ளையாகவே இருக்கும். `Multiply` அதையும் சாயமேற்றி, பளபளக்கும் கதவை பிளாஸ்டிக் ஆக்கிவிடும். அந்தக் கோடுகளை மாஸ்க்கில் விலக்கி வைக்க வேண்டும். வெயிலில் 255ஐத் தொட்டுவிட்ட வெள்ளைச் சுவரின் கதை வேறு: அங்கே பூச்சின் சொரசொரப்பு பதிவாகவே இல்லை. கருமையாக்கினால் மொழுமொழுவென்று ஒரு திட்டு வரும். அதற்கு வேறு போட்டோ எடுப்பதுதான் வழி.

இரண்டாவது, சுவர் தானே ஒரு விளக்கு. வெயில் பட்ட சிவப்புச் சுவர் பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றின் மேலும் சிவப்பை வீசும். நமக்கு வந்த படத்தில் சன்ஷேடின் அடிப்பக்கம், சுவரை ஒட்டிய இடத்தில், இன்னும் பழைய க்ரீம் சாயலோடு இருந்தது. இல்லாமல் போன சுவரின் வெளிச்சம்! நல்ல படத்தில் அந்த வெள்ளை அடிப்பக்கம் சுவரின் ஓரத்தில் லேசாகச் சிவந்து, விலக விலக வெளுத்திருக்கும். மென்மையான பிரஷ், குறைந்த ஒபாசிட்டி, அவ்வளவுதான் வேலை. யாரும் இதைச் செய்வதில்லை. "ஒட்டாத மாதிரி இருக்கே" என்பதில் பாதி இதுதான் என்பது என் எண்ணம்.

தூணுக்கு ஒட்டியிருந்த கல் டைலும் இதே வகைக் குறைதான். டைல் படம் எங்கிருந்தோ எடுத்தது. அதன் இடுக்குகளில் நிழல் வலப்பக்கம் விழுகிறது, வீட்டின் சன்ஷேடு நிழலோ இடப்பக்கம். நிறத்தை மாற்ற மேலே சொன்ன சூத்திரம் போதும். பொருளை மாற்ற அது போதாது. புடைப்பும் பள்ளமும் நம் வீட்டுச் சூரியனுக்கு இணங்கி நிற்க வேண்டும்.

ஆக, உங்களுக்கு இப்படி ஒரு படம் வந்தால் நடுச்சுவரை விட்டுவிடுங்க. சன்ஷேடுக்கு அடியில் உள்ள நிழலைப் பக்கத்து வீட்டு நிழலோடு ஒப்பிடுங்க; வெள்ளைப் பட்டை சுவரைத் தொடும் இடத்தில் சுவரின் சாயல் படிந்திருக்கிறதா என்று பாருங்க. இரண்டும் சரியில்லை என்றால் அந்தப் படத்தை வைத்து நிறத்தை முடிவு செய்யாதீங்க. ஒரு லிட்டர் வாங்கி, வெயில் படும் சுவரில் ஒரு கதவு அகலத்துக்கும், சன்ஷேடுக்கு அடியில் கொஞ்சமும் அடித்து, காலையிலும் மாலையிலும் போய்ப் பாருங்க. மதுரை வீட்டில் அப்படித்தான் செய்தார்கள். செங்கல் சிவப்பு படத்தில் இருந்ததைவிட நிழலில் நன்றாகவே இருந்தது, வெயிலில் அவர்கள் நினைத்ததைவிடக் கருமையாக இருந்தது. கீழ்ப்பகுதிக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு மேல்மாடியை க்ரீமாகவே விட்டுவிட்டார்கள்.